irctc என்று மட்டும் தட்டினால்: சாட் பெட்டியா, முகவரிப் பட்டையா?

தட்கல் எடுக்கும் அவசரத்தில் பலர் ஏஐ சாட் பெட்டியில் irctc என்று மட்டும் தட்டுகிறார்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையில் அதையே தட்டினால், முன்பு போய்வந்த தளம் என்றால் இரண்டு மூன்று எழுத்திலேயே முழு முகவரி வந்துவிடும். புதிதாகப் போகிறவருக்குத் தேடல் முடிவுகள் வரும். மேலே விளம்பரம் இருந்தால் அதைத் தாண்டி www.irctc.co.in என்பதைத் திறக்க வேண்டும்.

சாட் பெட்டிக்கு அந்த ஒற்றைச் சொல் ஒரு கேள்வி. அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று பத்தி பத்தியாக விளக்கும், அல்லது என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்கும். ஏசி வகுப்புத் தட்கல் காலை 10 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் படிப்பது? லிங்க் தந்தாலும் அப்படியே நம்பக் கூடாது. ஏஐ சில சமயம் இல்லாத முகவரியையும் உறுதியாகச் சொல்லிவிடும். முகவரியில் முதல் ஒற்றை / குறிக்கு முன்னால் உள்ள தளப் பெயரின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். irctc.co.in.example.com என்று இருந்தால் அது example.com-காரருடைய தளம், ரயில்வேயுடையது அல்ல.

தளத்துக்குப் போக முகவரிப் பட்டைதான் சரி. "காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இ-டிக்கெட் உறுதியாகாவிட்டால் என்ன ஆகும்?" என்று முழு வாக்கியமாகக் கேட்க இருந்தால், அப்போது சாட் பெட்டிக்குப் போகலாம்.