ஏழு வயதுக்கு எது முதலில்: முத்திரையா, அடவா, அபிநயமா?

மொரீஷியசின் ரோஸ்ஹில்லில் மகளைப் பரதநாட்டியத்தில் சேர்க்க இரண்டு வகுப்புகளைப் பார்த்தோம். முதல் வகுப்பில், மூன்று மாதத்தில் 28 ஒற்றைக்கை முத்திரைகளும் சுலோகத்தோடு வந்துவிடும், சித்திரை வருடப்பிறப்புக்கு மேடையில் ஒரு பாட்டும் ஆடிவிடுவாள் என்றார்கள். இன்னொரு வகுப்பு டீச்சர், "ஆறு மாதம் அடவு மட்டும்தான்" என்று முடித்துவிட்டார். கட்டணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு அப்போது மூன்று சொல்லும் ஒன்றுபோலவே கேட்டன. பதாகம் என்ற ஒரு கையை வைத்துத்தான் பிடிபட்டது. நான்கு விரல்களும் ஒட்டி நேராக, கட்டைவிரல் மட்டும் மடங்கியிருக்கும். அந்த வடிவம் முத்திரை, நூல்களில் ஹஸ்தம். நாட்டடவில் அதே கையைத் தோள் உயரத்தில் நீட்டி, காலை நீட்டிக் குதிகாலைத் தட்டுவார்கள். அங்கே கைக்குப் பொருள் எதுவும் இல்லை, அழகுதான். கையும் காலும் சேர்ந்த அந்த அசைவு அடவு. பாட்டில் அதே கை அலைபோல் நெளிந்து, கண்ணும் கூடவே போனால் நதி. அது அபிநயம்.

முத்திரையைச் சோபாவில் உட்கார்ந்தே கற்கலாம். விரல் பிரிந்திருந்தால் பிறகும் திருத்திவிடலாம். அபிநயத்துக்குப் பாட்டின் சொல் புரிய வேண்டும், நம் பிள்ளைகளோ வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். முதல் வகுப்பில் ஒரு சிறுமி நதியை அழகாகக் காட்டினாள். அது என்ன என்று கேட்டேன். "பாம்பு" என்றாள்! டீச்சரின் கையைப் பார்த்து ஆடியிருக்கிறாள், பாவம்.

அடவில் பிழை விழுந்தால்தான் சிக்கல். முழங்காலை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில், பாதவிரல்கள் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும். முன்பக்கம் சரிந்தால் பாரம் முழங்காலில் இறங்கும், நாளடைவில் வலிக்கும். உடம்பு அதையே பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

இதைக் கண்டுபிடிக்க நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'தெய்யா தெய்' என்னும் முதல் தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்யச் சொல்லுங்கள். முதல் காலத்தில் ஒரு தாளத்துக்கு ஒரு தட்டு, அப்புறம் 2, அப்புறம் 4. வேகம் கூடக்கூட இடுப்பு மேலே எழும்புகிறதா, தட்டு பாதம் முழுக்கப் படாமல் தேய்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் வகுப்பில் பழைய மாணவிகளே இரண்டாம் காலத்தில் பாதி நின்றுவிட்டார்கள். மற்ற வகுப்பில் டீச்சர் தட்டுக்கழியை நிறுத்தி, இடுப்பு எழுந்தவளை முதல் காலத்துக்கே அனுப்பினார்.

அங்கேதான் சேர்த்தோம். அபிநயமே வேண்டாம் என்பதில்லை. காக்கா, பூனை என்று பிள்ளைக்குத் தெரிந்த கதையை டீச்சர் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் செய்யவிடுகிறார், அது போதும். வருடப்பிறப்பன்று மற்றப் பிள்ளைகள் மேடையில் ஆட, இவள் கீழே உட்கார்ந்து அழுதாள். இப்போது இரண்டாம் காலம் வரை இடுப்பு எழுவதில்லை; மூன்றாவதில் எழுகிறாள்.