போன் வாங்கும்போது பில்லில் ஏறும் 'புரொடெக்‌ஷன் பிளான்': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்குப் போன் வாங்க ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். விலை 22,000 ரூபாய். பில் போடும் இடத்தில் இருந்த பையன், "1,799 கட்டினா ரெண்டு வருஷம் கவலையே இல்லக்கா" என்றான். கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தாலுமா என்று நேராகவே கேட்டேன். "எல்லாமே கவர் ஆகும்க்கா" என்றான். கட்டினேன்.

ஐந்தாவது மாதம் அம்மா கையிலிருந்து போன் நழுவி, டிஸ்ப்ளே முழுக்க விரிசல். சர்வீஸ் சென்டரில் மாற்றுவதற்கு 8,000 ரூபாய் ஆகும் என்றார்கள். பிளான் நம்பரைக் கொடுத்துக் கேட்டால், இது விபத்துக்கானது இல்லை என்று பதில் வந்தது. பில்லை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது 'EW 1 Year' என்ற ஒரே வரி.

EW என்றால் எக்ஸ்டெண்டட் வாரண்டி. கம்பெனி தரும் ஒரு வருட வாரண்டி முடிந்த மறுநாள்தான் அது தொடங்கும். அதிலும் தானாகப் பழுதானால் மட்டும்தான், அதாவது போர்டு போவது, சார்ஜ் ஏறாமல் போவது போன்றவை. விழுந்து உடைவதும் தண்ணீர் புகுவதும் அதில் வராது. அவற்றுக்கு ஆக்ஸிடென்டல் டேமேஜ் பிளான் என்று தனியாக ஒன்று உண்டு. அது பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே, அல்லது பதிவு செய்த நாளிலிருந்து ஓடும். சில பில்களில் 'ADLD' என்று இருக்கும். இரண்டையும் 'புரொடெக்‌ஷன்' என்ற ஒரே பெயரில் விற்பதால்தான் இப்படி ஏமாற்ற முடிகிறது. என்னிடம் சொன்னது ஒன்று, பில்லில் ஏற்றியது இன்னொன்று.

சரி, விபத்து பிளானையே சரியாக வாங்கியிருந்தால் முழு 8,000 ரூபாயும் கிடைத்திருக்குமா? அதுவும் இல்லை. பல பிளான்களில் தேய்மானம் என்று ஒரு பங்கு கழிப்பார்கள், போனுக்கு வயது ஏற ஏற அதுவும் ஏறும். ஒவ்வொரு கிளெய்முக்கும் தனிக் கட்டணமும் இருக்கலாம். ஒரு கணக்குக்கு, தேய்மானம் 25 சதவீதம், கட்டணம் 500 ரூபாய் என்று வையுங்கள். 8,000-இல் 2,000 போய், 500 போய், மிச்சம் 5,500. இதற்காக நீங்கள் முன்கூட்டியே கட்டுவது 1,800 என்றால், பிளான் ஓடும் காலத்துக்குள் போன் உடைய மூன்றில் ஒரு வாய்ப்பாவது இருந்தால்தான் அது லாபம். பைக்கில் டெலிவரி வேலை பார்ப்பவர், கட்டிட வேலையில் இருப்பவர், போன் குழந்தை கையிலேயே இருக்கும் வீடு என்றால் நான் வாங்கச் சொல்வேன். கவர் போட்டு வீட்டுக்குள்ளேயே பேசுகிறவர்களுக்கு வேண்டாம். விலை குறைந்த போனுக்கும் வேண்டாம், அதன் டிஸ்ப்ளேயைக் கைக்காசிலேயே மாற்றிவிடலாம்.

எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குக் கணக்கு வேறு. ஒரே ஒரு பாகம் போனாலும் பெரிய தொகை ஆகும் பொருளுக்குத்தான் அது உதவும். டிவி பேனல் அப்படிப்பட்டது. மாற்றும் செலவு பல நேரம் டிவி விலையில் பாதியைத் தாண்டும். ஆனால் பந்து பட்டு உடைந்த பேனலுக்கு அந்த வாரண்டி கிடையாது. பிரிட்ஜ் என்றால், பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருட வாரண்டி தருகின்றன. பிரிட்ஜின் விலையுயர்ந்த பாகமே அதுதான். ஏற்கெனவே கையில் இருப்பதற்கு மறுபடி பணம் கட்டாதீர்கள்.

கடையில் நிற்கும்போதே பிளானின் நிபந்தனைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் தொடங்குகிறது, விழுந்தால் உண்டா, எவ்வளவு கழிப்பார்கள் என்ற மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். அனுப்ப மறுத்தால் பிளான் வேண்டாம். பில்லில் அது தனி வரியாக வர வேண்டும், போன் விலையோடு சேர்க்க விடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால், நாம் கேட்காமலே பிளானைக் கூடையில் சேர்ப்பது 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்டது. பணம் கட்டும் பக்கத்தில் மொத்தத் தொகையை ஒருமுறை பாருங்கள்.

போன் உடைந்துவிட்டால், பிளான்காரர்கள் பார்க்கும் முன் வெளிக்கடையில் கொடுத்துச் சரிசெய்ய வேண்டாம். கிளெய்மை நிராகரிக்க அது ஒன்றே போதும். தகவல் சொல்லக் கெடுவும் உண்டு, சில பிளான்களில் அது ஓரிரு நாள்தான்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். வாரண்டி இன்னும் தொடங்கவே இல்லை, வேறொன்று என்று சொல்லி விற்றது என்று எழுதினேன். ஷோரூம் 1,799 ரூபாயைத் திருப்பித் தந்தது. டிஸ்ப்ளே செலவு 8,000 ரூபாய் எங்கள் தலையில்தான்.