கோட்டு வரைபைக் காதுக்குச் சொல்வது: புள்ளிபுள்ளியாகவா, வடிவமாகவா, கதையாகவா?

இலங்கையின் ஆண்டுத் தேயிலை உற்பத்தியைக் காட்டும் ஒரு கோட்டு வரைபை, ஹட்டனுக்கு அருகே நாங்கள் நடத்தும் சிறிய வாசிப்பு வட்டத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று விதமாக வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன். வருகிறவர்களில் இருவர் பார்வையற்றவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, மற்றவர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி. ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்ததும், கேட்ட கோட்டை மேசைமேல் விரலால் இழுத்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள், எது உண்மையில் போய்ச் சேர்ந்தது என்பதை விரல்தான் காட்டிக்கொடுக்கும்.

முதல் நாள் நான் செய்தது, பலரும் யோசிக்காமல் செய்வதுதான். புள்ளிகளை இடமிருந்து வலமாக வாசித்தேன். முழு எண்ணாக்கிய மில்லியன் கிலோகிராமில் அவை இவை: 2013இல் 340, 2014இல் 338, 2015இல் 329, 2016இல் 293, 2017இல் 307, 2018இல் 304, 2019இல் 300, 2020இல் 279, 2021இல் 299, 2022இல் 252, 2023இல் 256. ஒரு பிழையும் இல்லை, ஒன்றையும் விடவும் இல்லை. ஆயினும் கணக்கப்பிள்ளையின் விரல் 2016 வரை சரியாக இறங்கி, அதன்பின் தயங்கி, கடைசியில் நேர்கோடாக ஓடி நின்றுவிட்டது. பதினொரு ஆண்டுகளும் பதினொரு எண்களும் சேர்ந்தால் இருபத்திரண்டு எண்கள். ஆறாவது எண் வரும்போது இரண்டாவது எண் நினைவை விட்டு நழுவியிருக்கும். எதனோடு ஒப்பிட்டு ஏற்றம் என்பது, எதனோடு ஒப்பிட்டு இறக்கம் என்பது?

தமிழில் வாசிக்கும்போது இந்த முறைக்கு இன்னொரு கெடுதலும் சேர்கிறது. வரைபில் 2019உம் 2021உம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கின்றன. கண்ணுக்கு அவற்றிடையே வேறுபாடே தெரியாது. காதிலோ ஒன்று "முந்நூறு" என்றும், மற்றது "இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது" என்றும் விழுகிறது. "இருநூற்று" என்று தொடங்கியதுமே கேட்பவர் மனத்தில் கோட்டை ஒரு தட்டு கீழே இறக்கிவிடுகிறார். பின்னால் வரும் தொண்ணூற்றொன்பது அதைத் திரும்பத் தூக்கி வைப்பதற்குள் அடுத்த ஆண்டு வந்துவிடுகிறது. மாணவியின் விரல் 2021இல் கீழே போனதற்குக் காரணம் இதுதான் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து நான் அந்த எண்ணை "முந்நூறுக்கு ஒன்று குறைவு" என்றே சொல்கிறேன். நூற்றின் எல்லையைத் தாண்டுகிற எந்த எண்ணுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் நாள் வடிவத்தை முன்னால் வைத்தேன். ஏறத்தாழ இப்படிச் சொன்னேன்:

"இது 2013 முதல் 2023 வரையான தேயிலை உற்பத்தி. மொத்தத்தில் இறக்கம். தொடக்கம் 340 மில்லியன் கிலோ, முடிவு 256; நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் ஒரே சீராக இறங்கவில்லை, இரண்டு படிகளாக இறங்குகிறது. முதற்படி 2016இல் முடிகிறது: மூன்று ஆண்டுகளில் 340இலிருந்து 293. அதன்பின் 2021 வரை கோடு முந்நூறை ஒட்டியே நடக்கிறது; இடையில் 2020இல் மட்டும் ஒரு பள்ளம், 279, அடுத்த ஆண்டே மேலே வந்துவிடுகிறது. இரண்டாம் படி 2022இல்: ஒரே ஆண்டில் 252. 2023இல் சற்றே நிமிர்ந்து முடிகிறது."

இந்தத் தடவை இருவரின் விரல்களும் ஏறத்தாழ ஒரே கோட்டை இழுத்தன. நான் சொன்ன அளவுகள் முன்னையதில் பாதிக்கும் குறைவு. 2014, 2015, 2017, 2018 ஆகியவற்றின் எண்கள் வாயிலேயே வரவில்லை. விட்டுவிட்ட புள்ளிகள் எல்லாம் சொன்ன புள்ளிகளுக்கு இடையே கோடு திரும்பாமல் செல்லும் இடங்கள் அல்லது ஒரே மட்டத்தில் நிற்கும் இடங்கள் என்பதால், அவற்றை விட்டதில் வடிவம் கெடவில்லை. கோடு திசை மாறுகிற புள்ளியை மட்டும் விடக்கூடாது. 2020ஐ விட்டிருந்தால் அந்தப் பள்ளம் இருந்ததே யாருக்கும் தெரிந்திராது.

இந்தப் பகுதியை எழுதியபோது முதலில் என் கை எழுதியது வேறொரு வாக்கியம்: "2013இல் 340 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2016இல் 293 மில்லியன் கிலோவாகக் குறைந்தது." தாளில் இதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் மொழியில் வினை கடைசியில் வருவதால், இரண்டு ஆண்டுகளையும் இரண்டு அளவுகளையும் கையில் ஏந்திக்கொண்டு, ஏறியதா இறங்கியதா என்று தெரியாமலே கேட்பவர் "குறைந்தது" வரை காத்திருக்க வேண்டும். "மொத்தத்தில் இறக்கம்" என்று திசையை முதலில் போட்டுவிட்டால், பின்னால் வரும் எண்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. செய்தி வாசிப்பின் மேடைத் தமிழுக்குப் பழகிய காதுக்கு இந்த வெட்டு வாக்கியங்கள் சற்றுக் கரடுமுரடாகத் தோன்றலாம். அந்தக் குறையை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

சரிவின் கடுமையைச் சொல்வதில்தான் வடிவமுறையின் உண்மையான வேலை இருக்கிறது. 2013 முதல் 2016 வரை போனது 47 மில்லியன் கிலோ. 2021இலிருந்து 2022க்குப் போனதும் அதே 47. இரண்டையும் "குறைந்தது" என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். "முன்பு மூன்று ஆண்டுகளில் இழந்ததை இப்போது ஒரே ஆண்டில் இழந்தது" என்று சேர்த்துச் சொன்னபோதே இரண்டாவது சரிவு செங்குத்தாயிற்று. வினைச்சொற்களையும் அதற்கேற்பப் பிரித்து வைத்திருக்கிறேன்: மெல்லப் போனால் தேய்ந்தது, நடுத்தரமாகப் போனால் இறங்கியது, ஒரே மூச்சில் போனால் விழுந்தது. "மீண்டது" என்பதை மட்டும் தனியாக விடுவதில்லை. 2021இல் கோடு மீண்டது 2019இன் மட்டத்துக்கே தவிர 2013இன் மட்டத்துக்கு அல்ல, ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் உச்சிக்கே போய்விடுகிறார்கள்.

மலைநாட்டவர்களுக்குச் சொல்வதால், பாதை உவமையையும் ஒரு தடவை இடையில் முயன்றேன்: 2022இன் சரிவை, நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும் வழியோடு ஒப்பிட்டேன். கடுமை உடனே விளங்கியது. ஆனால் எவ்வளவு இறங்கியது என்பது விளங்கவில்லை, இறக்கம் என்றால் இங்கே மூச்சு வாங்காத சுகமும்கூட அல்லவா என்று கணக்கப்பிள்ளை சிரித்தார். ஓர் எண்ணின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் உவமை நிற்கும், தனியாக நிற்காது.

இந்த வரைபைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள் ஓர் இடத்தில் சரியாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வைத்திருந்த படத்தில் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்காமல் 240இல் தொடங்கியது. அதனால் கோட்டின் முடிவு படத்தின் அடித்தளத்தைத் தொட்டுவிடும்போல் தெரிந்தது. பார்த்த ஓர் இளைஞர், உற்பத்தி ஒழிந்தே போய்விட்டது என்றார். நான்கில் ஒரு பங்கு என்று கேட்டவர்களுக்கு அந்த மயக்கம் வரவில்லை. ஆகவே படத்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்லாமல் அளவின் விகிதத்தைச் சொல்ல வேண்டும். இரு தரப்பும் ஒரே அறையில் இருந்தால், அச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் கதையாகச் சொன்னேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் காரணத்தை முன்னால் வைத்தேன்: 2016இன் வறட்சியும் அதற்கு முன்பே வந்திருந்த களைகொல்லித் தடையும், 2020இன் வறட்சியும் கொவிட்டும், 2021இன் இரசாயன உரத் தடை, 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு. மூன்று நாட்களில் மிக உன்னிப்பாகக் கேட்கப்பட்டது இதுதான், ஏனென்றால் இவை அங்கிருந்த ஒவ்வொருவரும் கொழுந்து மலையிலும் வீட்டு அடுப்படியிலும் பட்ட காரியங்கள். விரல்கள் மட்டும் தவறின. உரத் தடை 2021இல் என்று சொன்னதும் இருவரும் 2021இலேயே பள்ளத்தைத் தோண்டிவிட்டார்கள். உண்மையில் தடை வந்தது அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன், நவம்பரில் விலக்கப்பட்டது, தேயிலைச் செடி உரக் குறையை அன்றன்றே காட்டுவதில்லை. அந்த ஆண்டின் மொத்தம் முன்னைய ஆண்டைவிட ஏறியே இருந்தது. விழுந்தது அடுத்த ஆண்டில்தான். நினைவில் வலுவாக இருக்கும் ஆண்டு, கோட்டின் ஆண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. காரணத்தை விடுவது சரியல்ல, ஆனால் கோடு முழுவதும் ஒரு தடவை போய்ச் சேர்ந்த பிறகே அதைச் சொல்ல வேண்டும் என்பது என் முடிவு.

நான்காவது வழி ஒன்றும் உண்டு: அளவு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் சுருதி இறங்கும் என்று வரைபையே ஒலியாக்குவது. ஐபோனில் 2021இல் வந்த iOS 15 முதல் VoiceOver என்ற திரைவாசிப்பான் வழியாக இந்த வசதி இருக்கிறது. செயலி அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். மாணவி ஒரு மாதிரி வரைபை இப்படிக் கேட்டுக்காட்டினார். சில வினாடிகளில் திசையும் சரிவும் தெளிவாகத் தெரிந்தன, அளவு மட்டும் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்னால் சொல்பவருக்கு இது பேச்சுக்கு முன் வைக்கும் ஒரு முன்னோட்டமே.

பரீட்சைக்குப் படிக்கிறவருக்கு ஆண்டுவாரி எண்கள் தேவைப்பட்டன, அவருக்கு அந்தப் பட்டியலைத் தனியாக மெதுவாக வாசித்துக் கொடுத்தேன். வடிவம் ஏற்கெனவே விரலில் இருந்ததால் இப்போது ஒவ்வோர் எண்ணும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முதல் நாள் தோற்ற முறை இரண்டாமிடத்தில் வந்தபோது நன்றாகவே வேலை செய்தது.

கணக்கப்பிள்ளை கேட்ட கேள்வி வேறு. "ஏன் சேர், 2013இல் தொடங்கினீர்கள்?" 2013 இலங்கையின் உற்பத்தி உச்சத்தைத் தொட்ட ஆண்டு, அங்கிருந்து தொடங்கினால் எந்தக் கோடும் இறக்கமாகத்தான் கேட்கும். நான் அதைச் சொல்லாமலே "மொத்தத்தில் இறக்கம்" என்று தொடங்கியிருந்தேன். அவருக்காக 2016இலிருந்து மறுபடி சொன்னேன். அவர் விரல் மேசையின் நடுவே ஏறத்தாழ மட்டமாகவே போய், 2020இல் ஒரு தடவை தாழ்ந்து எழுந்து, கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் மேசையின் விளிம்புக்கு இறங்கியது.