பெயர் எண்ணா, பிறந்த தேதியா: காதல் பொருத்தத்துக்கு எதைப் பார்ப்பது?

எண் கணிதத்தில் காதல் பொருத்தம் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இருவரின் பெயர்களிலும் உள்ள ஆங்கில எழுத்துகளுக்கு மதிப்புப் போட்டுக் கூட்டிப் பார்ப்பது ஒன்று. பிறந்த தேதிகளைக் கூட்டிப் பார்ப்பது மற்றொன்று. எங்கள் திருமணப் பேச்சில் பெரியவர்கள் கேட்டதால் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். தேதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, பெயர் எண்ணை ஒதுக்கிவைத்தோம். இன்றும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தேதிக் கணக்கு எளிது. 23-ஆம் தேதி பிறந்தவருக்கு 2+3=5, அதுவே பிறவி எண்; அதிபதி புதன். 20-ஆம் தேதிக்காரருக்கு 2, சந்திரன். நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் கூட்டினால் விதி எண். இதில் விளக்க அதிகம் இல்லை.

பெயரில்தான் சிக்கல். தமிழ்நாட்டில் பெரும்பாலும் புழங்குவது, எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்புத் தரும் கீரோ முறை. செந்திலையும் லட்சுமியையும் எடுத்துக்கொள்வோம். SENTHIL என்பதற்கு 3+5+5+4+5+1+3, ஆக 26. சுருக்கினால் 8, சனி. LAKSHMI என்பதற்கு 3+1+2+3+5+4+1, ஆக 19. சுருக்கினால் 1, சூரியன். சனியும் சூரியனும் பகை என்பதால் பொருத்தமில்லை என்று சொல்லிவிடுவார்கள். அதே பெண் LAXMI என்று எழுதினால் கூட்டுத்தொகை 14, அதாவது 5, புதன்; சனிக்கு நட்பு. பையன் தன் இனிஷியலைச் சேர்த்து R. SENTHIL என்று கையெழுத்திட்டால் 28, அதாவது 1. இப்போது LAKSHMI என்ற பழைய எழுத்தோடேயே இருவருக்கும் ஒரே எண். எழுத்து எதையும் தொடாமல், அதே எழுத்துகளுக்கு வேறு மதிப்புத் தரும் பிதாகரஸ் முறைக்கு மாறினால்கூட SENTHIL 33 ஆகி, 8 போய் 6 வந்துவிடுகிறது.

பகையை ஒரு எழுத்தில் நட்பாக்க முடிகிறது என்றால், அந்த எண் அந்த இருவரைப் பற்றி எதையும் சொல்லவில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான். அழைக்கும் பெயரைத்தான் எடுக்க வேண்டும் என்று சோதிடர்கள் பதில் சொல்வார்கள். வீட்டில் அழைப்பது தமிழில். ‘செந்தில்’ என்று கூப்பிடும்போது அதில் TH இருக்கிறதா, D இருக்கிறதா? SENDIL என்று எழுதினால் 21, அதாவது 3. போதாக்குறைக்கு, பொருந்தவில்லை என்று சொன்ன அதே இடத்திலேயே பெயர் திருத்தத்துக்குக் கட்டணமும் கேட்கிறார்கள். காதலிக்கும் இரண்டு பேரின் பயத்தில் காசு பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

தேதியை அப்படி வளைக்க முடியாது. அதன் பலம் அவ்வளவே. அதற்கும் ஓட்டைகள் உண்டு. 23-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்தவருக்கு மருத்துவமனைக் கணக்கில் 5. சூரிய உதயத்தில் நாள் மாறும் பஞ்சாங்கக் கணக்கில் அது இன்னும் 22, எண் 4. பள்ளியில் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. சான்றிதழை நம்பாமல் வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிரக நட்பும் இருபக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. சோதிட நூல்களின்படி சந்திரனுக்குப் புதன் நண்பன். புதனுக்கோ சந்திரன் பகை. மேலே சொன்னவர்களில் 20-ஆம் தேதிக்காரர் பெண், 23-ஆம் தேதிக்காரர் பையன் என்றால், பெண் பக்கம் இருந்து பார்த்தால் நட்பு, பையன் பக்கம் இருந்து பார்த்தால் பகை என்று வரலாம். எந்தப் பக்கம் இருந்து படிக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்கிறார்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒன்பது எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால், இருவருக்கும் ஒரே எண் வருவதையும் சேர்த்து மொத்தம் 45 ஜோடிகளே வரும். உலகத்தில் உள்ள எல்லாக் காதலர்களும் அந்த 45 பெட்டிகளுக்குள் அடங்கியாக வேண்டும். அதிலும் பிறவி எண் ஒத்துவராவிட்டால் விதி எண், அதுவும் வராவிட்டால் பெயர் எண் என்று தேடினால், ஆளுக்கு மூன்று எண்கள், ஒன்பது ஒப்பீடுகள். ஏதோ ஒன்று பொருந்திவிடும். வேண்டாதவர் தேடினால் ஏதோ ஒன்று பொருந்தாமலும் போகும்.

எங்கள் உறவில் தேதி எண் பொருந்தியவர்களும் பொருந்தாதவர்களும் நன்றாகவே வாழ்கிறார்கள். நான் அறிந்தவை சில குடும்பங்கள்தான் என்பதால் அதை நிரூபணமாக வைக்கவில்லை. ஆனாலும் தேதி எண்ணைக் காட்டி ஒரு காதலை மறுப்பதை நான் ஏற்கமாட்டேன். பெரியவர்கள் எண் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பலன் கேட்பதற்கு முன்பே பிறவி எண் மட்டும், ஆங்கிலத் தேதி மட்டும், இன்ன அட்டவணை மட்டும் என்று இரு வீட்டாரும் பேசி முடித்துவிடுங்கள். பெயர் எழுத்தைத் திருத்தும் பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.