ஃபேர்லேண்ட்ஸ், பத்தாம் வகுப்பு கணக்கு, மாதம் 8,000: இந்த டியூஷனுக்குப் பணம் கட்டாதீர்கள்

போன திங்கட்கிழமை வரை என்னிடம் இருந்த 4,500 ரூபாய் இப்போது இல்லை. சேலத்தில் ஹோம் டியூஷன் தேடுகிற டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு டியூஷன் ஏஜென்சியின் அறிவிப்பு வந்தது. "ஹோம் டியூட்டர் தேவை. டியூஷன் எண் 214. பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ, கணக்கு. ஃபேர்லேண்ட்ஸ். மாலை 6 முதல் 7.30 வரை, வாரம் 5 நாள். மாதம் ரூ. 8,000. பெண் ஆசிரியர் மட்டும்."

பத்தாவது சிபிஎஸ்இ கணக்கில் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு உண்டு. பையன் எதை எடுத்திருக்கிறான் என்று அதில் இல்லை. பெற்றோரிடம் உண்மையாகவே பேசி எழுதியவராக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். எனக்கு அப்போது 8,000 மட்டும்தான் கண்ணில் பட்டது.

அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். "சொல்லுங்க டீச்சர், எந்த ஏரியா? அம்மாபேட்டையா? அட, எங்க அம்மா வீடும் அங்கதான்!" அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். பதிவுக் கட்டணம் 500, முதல் மாதச் சம்பளத்தில் பாதி 4,000. பணம் வந்த பிறகுதான் வீட்டு முகவரியும் பையனுடைய அம்மாவின் நம்பரும் தருவார்களாம். பெற்றோர் வேண்டாம் என்றால் 4,000 திரும்பி வந்துவிடும் என்றார். வாயால்தான் சொன்னார், எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருக்காரரிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

மறுநாள் டெமோ வகுப்பு. முக்கோணவியலில் உயரமும் தூரமும் பாடத்தைத் தயார் செய்துகொண்டு போனேன். பையன் பேசிக். அம்மா நல்லவர்தான், காபி கொடுத்தார். வகுப்பு முடிந்ததும், "அதே ஏஜென்சியில இருந்து நீங்க நாலாவது டீச்சர்ங்க. மத்தவங்களையும் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். சம்பளத்தைப் பற்றிக் கேட்டேன். "வாரம் 3 நாள், 3,500 தான் சொல்லியிருந்தோம். எட்டாயிரமா?" என்று அவரே திகைத்துப் போனார்.

அதாவது நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு 4,500 கட்டியிருந்தால், 3,500 ரூபாய் டியூஷன் ஒன்றைக் காட்டி 18,000 வாங்கியிருக்கிறார்கள். 3,500-க்குப் பாதி என்றால்கூட 1,750 தானே? இல்லாத 8,000-க்கு என்னிடம் கமிஷன் வாங்கிவிட்டார்கள். கணக்கு டீச்சர் நான்!

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. புதன்கிழமை, "சார் மீட்டிங்ல இருக்கார்." வியாழன், "பேரன்ட் இன்னும் ஃபீட்பேக் தரலை டீச்சர்." வெள்ளி, "உங்க டெமோ அவங்களுக்குப் பிடிக்கலை, அதுக்கு நாங்க பொறுப்பில்லை, அடுத்த டியூஷன்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." அந்த அடுத்த டியூஷன் எங்கே தெரியுமா? ஏற்காட்டில். எட்டாம் வகுப்பு அறிவியல், தினமும் மாலை 6 மணி, மாதம் 5,000. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு, ராத்திரி எந்த பஸ்ஸில் அம்மாபேட்டைக்கு இறங்கி வருவது? அதற்கும் 500 பதிவுக் கட்டணம் கேட்டார்கள். என் 4,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. சனிக்கிழமை காலை பிளாக்.

இன்று காலை வேறொரு குழுவில் அதே டியூஷன் எண் 214, அதே ஃபேர்லேண்ட்ஸ், அதே 8,000. "உடனே தேவை" என்பதை மட்டும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் கை நடுங்குகிறது, அதனால் சுருக்கமாக. பெற்றோருடன் நீங்களே பேசி நாள், நேரம், சம்பளம் மூன்றையும் உறுதி செய்யும் முன் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். முதல் மாதச் சம்பளம் கைக்கு வந்த பிறகு கமிஷன் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுத்தால் போனை வைத்துவிடுங்கள். திருப்பித் தருவதாகச் சொன்னால் அதை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், என்னைப் போல ஐந்து நாள் "நாளைக்கு, நாளைக்கு" என்று கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள். நான் இன்றுதான் அழைத்தேன், பணம் அனுப்பியதற்கான யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டார்கள்.

214-க்குப் பணம் கட்டிய மற்ற மூன்று டீச்சர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்.