ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் தகராறு: ஐந்து வழிகளில் எது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8,000 டி-ஷர்ட் பேக்கிங் முடிந்து நிற்கிறது. மறுநாள் மாலை கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். கடைசிச் சோதனைக்குக் குவாலிட்டி பொறுப்பாளர் 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார். எத்தனை பழுது வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏக்யூஎல் 2.5 அட்டவணைப்படி இந்த அளவு லாட்டில் பெரிய பழுது 10 வரை இருந்தால் பாஸ், 11 வந்தால் ஃபெயில். வந்திருப்பது 13. "லாட் போகாது" என்கிறார் அவர். "மூணு பீசுக்காக ஏர்ல அனுப்பச் சொல்றீங்களா சார்?" என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். கப்பல் தவறினால் விமானக் கட்டணம் கம்பெனி தலையில் விழும், ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும். பழுதோடு போனால் பையர் லாட்டையே திருப்பலாம். இருவருமே கம்பெனிக்காகத்தான் பேசுகிறார்கள்.

இப்படிப்பட்ட மோதலில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை கென்னத் தாமஸ், ரால்ஃப் கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-இல் ஐந்தாகப் பிரித்தார்கள். தன் காரியத்தில் எவ்வளவு உறுதி, எதிராளியின் காரியத்தில் எவ்வளவு அக்கறை என்பவை இரண்டு அளவுகோல்கள். இரண்டும் குறைவு என்றால் ஒதுங்குதல். உறுதி மட்டும் இருந்தால் அழுத்திப் பிடித்தல், அக்கறை மட்டும் இருந்தால் விட்டுக்கொடுத்தல். இரண்டும் நடுத்தரமாக இருந்தால் சமரசம். இரண்டும் முழுதாக இருந்தால் கூடித் தீர்த்தல். எந்த வழிக்கு எப்போது இடம் என்பதை இந்த அளவுகோல்கள் தனியாகச் சொல்லிவிடாது. அதற்கு விஷயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஒதுங்குதலுக்கு நம் அலுவலகங்களில் கெட்ட பெயர் உண்டு. பாதி நியாயம்தான். டெய்லர்கள் பார்க்க, லைன் நடுவில் இருவரும் குரல் உயர்த்தும்போது, "பத்து நிமிஷம் கழிச்சு ஆபீஸ்ல பேசலாம்" என்று நகர்வதுதான் சரி. அங்கே எவர் இறங்கி வந்தாலும் அது தோல்வியாகத் தெரியும், அதனால் இருவருமே இறங்க மாட்டார்கள். நேரம் குறித்துத் தள்ளிப்போட்டால் அது ஒத்திவைப்பு. நேரமே சொல்லாமல் போனால், வாயை மூடிக்கொண்டு லாட்டை விட்டதாக ஆகும். கன்டெய்னருக்கு சீல் வைத்தபின் இதே பேச்சைத் தொடங்கினால், இங்கேயே சில மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை பையரின் கிடங்கில் வெளிநாட்டுக் கூலிக்குப் பிரித்துப் பார்க்கும் செலவாக வளர்ந்திருக்கும்.

அழுத்திப் பிடித்தலின் இடம் சிறியது, ஆனால் அங்கே வேறெதுவும் செல்லாது. தையல் ஊசி உடைந்து, ஒரு துண்டு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒட்டிவைக்கும் பதிவேட்டில் முனை மட்டும் குறைகிறது. அந்த மெஷினில் இருந்த பண்டல்களைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் ஓட்டியே ஆக வேண்டும். அங்கே குவாலிட்டி பொறுப்பாளர் யாரிடமும் பேரம் பேசக் கூடாது, பேசவும் தேவையில்லை. ஆனால் அதே குரலில் லேபிள் அரை சென்டிமீட்டர் நகர்ந்ததற்கும் நிற்பவருக்கு வேறு விளைவு காத்திருக்கிறது: லைனில் இருப்பவர்கள் பழுதை அவர் கண்ணுக்குக் காட்டாமல் மறைக்கப் பழகுவார்கள். செக்கிங் டேபிளில் பழுது திடீரென்று குறைந்து, கடைசிச் சோதனையில் மட்டும் கூடுகிறது என்றால் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்தல் நமக்குப் பழகிய வழி. செக்கிங் டேபிளை எந்த ஜன்னலோரம் போடுவது என்பது உங்களுக்குச் சிறிது, அவருக்குப் பெரிது என்றால் கொடுத்துவிடலாம். உங்கள் பக்கம் தவறு என்று தெரிந்ததும் உடனே கொடுத்துவிட வேண்டும். ஆபத்து எங்கே என்றால், "இன்னைக்கு நான் விட்டேன், நாளைக்கு அவர் விடுவார்" என்று மனதுக்குள் கணக்கு வைப்பதில். எதிராளிக்கு அந்தக் கணக்கே தெரியாது. எதிர்பார்ப்பு இருந்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்வது நல்லது.

சமரசத்தை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். முதலாளி வந்ததும், "சரி, இந்த ஒரு தடவை விடுங்க, அடுத்த லாட்டுல ஸ்ட்ரிக்டா இருங்க" என்பார். பார்க்க நடுநிலை. உண்மையில் பிரிக்க முடியாததைப் பிரிக்கிறார். 10 என்ற எல்லையை 13 ஆக்கினால், அடுத்த லாட்டில் 14 வந்து நிற்கும்போது அவரால் என்ன சொல்ல முடியும்? பிரிக்கக்கூடிய பொருளில் மட்டுமே சமரசம் வேலை செய்யும்: நேரம், எண்ணிக்கை, செலவு. 4,000 பீஸை இந்தக் கப்பலிலும் மீதியை அடுத்த கப்பலிலும் அனுப்புவது நல்ல சமரசம்தான். ஆனால் பணத்துக்குப் பையரின் வங்கி உறுதி தரும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டைப் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. பகுதி ஷிப்மென்ட் கூடாது என்று அதில் இருந்தால், ஆவணத்தில் முரண்பாடு என்று வங்கி பணத்தை மறுக்கலாம். நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபோலெட் 1920-களிலேயே சமரசத்தைப் பற்றி எச்சரித்தார்: ஆளுக்குக் கொஞ்சம் இழந்து முடித்த சண்டை வேறு வடிவில் திரும்பி வரும்.

அவர் முன்வைத்த மாற்று வழிதான் கூடித் தீர்த்தல். இதை இந்த லாட்டில் செய்து பார்ப்போம். "போகாது", "போகணும்" என்ற இரண்டு நிலைகளையும் ஓரம் வைத்துவிட்டு, யாருக்கு என்ன தேவை என்று எழுதினால், ஒருவருக்கு ஃபெயிலான லாட் போகக் கூடாது, மற்றவருக்கு நாளை மாலைக் கன்டெய்னர் தவறக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டவில்லை. அடுத்து 13 பீஸையும் மேஜையில் பரப்பி, சைஸ், பழுது, பண்டல் எண் மூன்றையும் குறிக்கிறார்கள். 9 பீஸ் லார்ஜ் சைஸ், ஒன்பதிலும் கழுத்து ரிப்பில் தையல் விட்டிருக்கிறது. பண்டல் டிக்கெட்டைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஓவர்லாக் மெஷின், ஊசி மழுங்கியிருக்கிறது. லார்ஜ் 2,000 பீஸ். கழுத்தை மட்டும் பார்க்க ஒருவர் மணிக்கு 100 பீஸ் என்று வைத்தால், ஐந்து பேருக்கு நாலு மணி நேரம். பழுதை எடுத்து மாற்றியபின், முழு லாட்டிலிருந்து புதிதாக 200 பீஸ் எடுத்து மறுசோதனை. லார்ஜில் மட்டும் எடுத்தால் அது செல்லாது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒரு கார்ட்டனில் ஒரே சைஸ் என்று பேக் செய்திருந்தால்தான் லார்ஜை மட்டும் பிரிக்கலாம். எல்லா சைஸும் கலந்து போட்டிருந்தால் ஒவ்வொரு கார்ட்டனையும் திறந்து மூட வேண்டும், நாலு மணி நேரம் ஒரு நாளாகிவிடும். பழுது எல்லா சைஸிலும் சிதறிக் கிடந்தாலும் இந்தக் கணக்கு நிற்காது. அப்போது சரக்கை இரண்டு கப்பலில் பிரித்து அனுப்பும் சமரசமே மிஞ்சும். இருவரில் ஒருவர் பண்டல் விவரத்தை மறைத்தாலும் கூடித் தீர்த்தல் அங்கேயே நின்றுவிடும். ஜன்னலோர மேஜைக்கெல்லாம் இவ்வளவு நேரம் செலவிடுவதும் வீண்.

தாமஸும் கில்மனும் தந்த வினாத்தாளில் 30 ஜோடி வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் 0 முதல் 12 வரை மதிப்பெண் வரும். அது காட்டுவது உங்கள் பழக்கத்தை மட்டுமே. விட்டுக்கொடுத்தலில் 10 வாங்கியவர், ஊசி முனை காணாமல் போன அன்று தன் பழக்கத்தை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள அது உதவும்.

மறுசோதனைக்கு உட்காரும் முன்பே இருவரும் ஒன்றைப் பேசி முடித்துவிட வேண்டும்: மறுபடி 11 வந்தால் என்ன? குவாலிட்டி பொறுப்பாளரின் சொல்லே கடைசி, மேனேஜர் அன்றே பையருக்கு மெயில் போட்டு அடுத்த கப்பலுக்கு அனுமதி கேட்பார் என்று எழுதி வைக்கலாம். இதை முடிவு தெரிந்தபின் பேச உட்கார்ந்தால் பழைய சண்டை முதலிலிருந்து தொடங்கும். அப்போது கன்டெய்னர் வாசலில் நிற்கும்.