மதுரையில் எடுத்த கால்சியம் ஸ்கோர்: 148 என்றால் என்ன?

எங்கள் அப்பாவுக்கு 53 வயதில் மாரடைப்பு வந்தது. போன வருடம் ஜனவரியில் நான் மதுரைக்குக் கிளம்பும்போது எனக்கு 52. அந்த ஒரு வருட இடைவெளி மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் இருப்பது நியூஜெர்சியில். அங்குள்ள என் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 142, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 134. சர்க்கரை இல்லை, சிகரெட் இல்லை. அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பைக் கணக்கிட்டதில் 6 சதவீதம் வந்தது. கொழுப்பு மாத்திரையைத் தொடங்கு என்று உறுதியாகச் சொல்லவும் முடியாத, வேண்டாம் என்று விடவும் முடியாத எண் அது. அப்பாவின் கதையும் தெற்காசியப் பிறப்பும் ஆபத்தைக் கூட்டுபவை. நானோ வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றதும் தயங்கினேன். "அப்படியானால் இதயத்தின் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சி.டி. ஸ்கேனில் பார்க்கும் கால்சியம் ஸ்கோர் எடுத்துப் பாருங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்" என்றார். இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது என்று தெரிந்ததும், எப்படியும் ஊருக்குப் போகிறோமே, அங்கேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் 3,500 ரூபாய் கட்டினேன். முதல் நாள் போனில் பேசியவர், ஸ்கேனுக்கு 4 மணி நேரம் முன்பிருந்து காபி குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பழக்கதோஷத்தில் காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டுத்தான் போனேன். நாடி 88. டெக்னீஷியன் பையன் என்னை உடனே படுக்க வைக்கவில்லை. "சார், இதயம் வேகமா துடிச்சா படம் அசைஞ்சிடும், கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று ஒரு மணி நேரம் காத்திருக்க வைத்தார். நாடி 68க்கு வந்தபிறகுதான் எடுத்தார். கூட்டம் நெருக்கும் நேரத்திலும் அவர் காட்டிய அந்தக் கவனத்துக்காகவே அந்த இடத்தை எனக்குப் பிடித்துப்போனது. படம் அசைந்தால் சுண்ணாம்புப் புள்ளி இழுபட்டுப் பெரிதாகத் தெரியும், ஸ்கோர் தப்பாகிவிடும்.

ஸ்கேன் சுலபமானது. ஊசி இல்லை, சாய மருந்து இல்லை. நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர்களை ஒட்டுவார்கள், இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் இதயம் ஓய்ந்திருக்கும் நொடியில் இயந்திரம் படம் பிடிக்கும். பத்து விநாடி மூச்சைப் பிடித்தால் போதும். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட், சாதாரண வயிற்று சி.டி.யோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்.ஏ.டி. குழாயில் 121, வலது குழாயில் 27, மற்ற இடங்களில் பூஜ்யம். மொத்தம் 148. அதைப் பார்த்த என் தம்பி, "என்னண்ணே, நூத்தி நாப்பத்தெட்டு பர்சன்ட் அடைப்பா?" என்று பதறிவிட்டான். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்த எண் அடைப்பின் சதவீதம் இல்லை. 400 ஸ்கோர் உள்ளவருக்கு ரத்தம் தாராளமாக ஓடலாம். 20 உள்ளவருக்கு ஒரு இடத்தில் குழாய் நெருக்கியும் இருக்கலாம்.

அப்படியானால் எதை எண்ணுகிறார்கள்? ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிந்து, வருடக்கணக்கில் புண்ணாகி ஆறும்போது அதில் சுண்ணாம்பு ஏறுகிறது. சி.டி.யில் அது எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். அமெரிக்க இதய மருத்துவர் ஆர்தர் அகாட்ஸ்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1990இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வெண்மையை அளக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் 130க்கு மேல் உள்ள புள்ளியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 130 முதல் 199 வரை என்றால் 1, 200களில் 2, 300களில் 3, 400க்கு மேல் 4 என்று ஒரு பெருக்கு எண் உண்டு. புள்ளியின் பரப்பை அதனால் பெருக்க வேண்டும். ஒரு படத்தில் 6 சதுர மில்லிமீட்டர் புள்ளி, அதன் உச்ச வெண்மை 350 என்றால் 6 தடவை 3, அதாவது 18. அடுத்த படத்தில் அதே படிவு 8 சதுர மில்லிமீட்டர், உச்சம் 410 என்றால் 32. இப்படி ஒவ்வொரு படத்திலும் வருவதைக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பதுதான் ஸ்கோர். ஆக, என் குழாய்களில் மொத்தம் எவ்வளவு படிவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு 148 ஒரு அடையாளம். சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவு இந்தப் படத்தில் தெரியவே தெரியாது. தெரிவதைவிடத் தெரியாதது அதிகம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

பொதுவாக 1 முதல் 99 வரை லேசானது, 100 முதல் 399 வரை நடுத்தரம், 400க்கு மேல் அதிகம் என்பார்கள். ஆனால் வயதைச் சேர்க்காமல் இந்த எண்ணைப் படிக்கக் கூடாது. 75 வயது ஆணுக்கு 148 என்றால் ஆச்சரியம் இல்லை. 52 வயதில் அது அதிகம். அமெரிக்காவில் 2000இல் தொடங்கிய மெசா என்ற பெரிய ஆய்வின் அட்டவணையில், என் வயது ஆண்களில் நூற்றுக்கு 75க்கும் மேற்பட்டவர்களைவிட எனக்கு அதிகமாக இருந்தது. அந்த அட்டவணையில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் மட்டும்தான் உண்டு, நம்மவர்கள் இல்லை. பிறகு அமெரிக்கவாழ் தெற்காசியர்களை மட்டும் வைத்து மசாலா என்றொரு ஆய்வு தொடங்கினார்கள். நம் ஆண்களின் கால்சியம் அளவு வெள்ளையர்களுடையதை ஒட்டியே இருப்பது அதில் தெரிந்தது. அதனால் அந்த வரிசையில் பார்த்துக்கொள்கிறோம். மெசாவில் 100ஐத் தாண்டியவர்களுக்கு, அவர்கள் எந்த வயதினராக இருந்தாலும், 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வந்த விகிதம் 7.5 சதவீதத்துக்கு மேல் இருந்தது. என் 6 சதவீதக் கணக்கு அங்கேயே முடிந்துபோனது. மாத்திரை வேண்டுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வருத்தம். ரிப்போர்ட்டைக் கொடுத்த கவுன்ட்டரில், பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, "எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பாத்துடுங்க சார், பேக்கேஜ் இருக்கு" என்றார்கள். எனக்கு நெஞ்சுவலி கிடையாது, மூச்சு வாங்குவது கிடையாது, தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். இந்த நிலையில் ஸ்கோரை மட்டும் வைத்துக்கொண்டு குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்ப்பதற்குக் காரணமே இல்லை. பயந்துபோயிருக்கும் ஆளிடம் அந்த நேரத்தில் அப்படிச் சொல்வது சரியில்லை. நான் தெரிந்த ஒரு இதய டாக்டரிடம் காட்டினேன். அவரும் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் எழுதி, "நடக்கும்போது நெஞ்சில் ஏதாவது வந்தால் மட்டும் வாங்க" என்று அனுப்பினார்.

அதே சென்டரில் 'குடும்ப ஹார்ட் பேக்கேஜ்' என்று நாலு பேருக்குச் சேர்த்து ஒரு சலுகை இருந்தது. வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போய்விடலாம் என்ற ஆசையில் நான் பணம் கட்டத் தயாராகத்தான் இருந்தேன். டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொருவராகக் கழித்தார்.

மதினிக்கு 48 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. 40ஐத் தாண்டிய சர்க்கரைக்காரருக்கு ஸ்கோர் பூஜ்யமே வந்தாலும் கொழுப்பு மாத்திரை தேவை, அதை அவர் ஏற்கெனவே சாப்பிடுகிறார். ஸ்கேன் எதையும் மாற்றப் போவதில்லை. அக்கா மகனுக்கு 31. அந்த வயதில் பெரும்பாலும் எல்லோருக்கும் பூஜ்யம்தான் வரும், சுண்ணாம்பு ஏறவே காலம் பிடிக்கும். அந்தப் பூஜ்யத்தை நம்பி அவன் சிகரெட்டைத் தொடர்ந்தால் ஸ்கேன் நன்மைக்குப் பதில் கெடுதல்தான் செய்யும்.

சித்தப்பா விஷயம்தான் முக்கியம். அவருக்கு 66. திருப்பரங்குன்றத்தில் படி ஏறும்போது நெஞ்சை அழுத்துவதுபோல் இருக்கிறது, நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிறது என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். வாயுத் தொல்லை என்று நினைத்திருக்கிறார். டாக்டர் கேட்ட பிறகுதான் சொன்னார். "இவருக்குக் கால்சியம் ஸ்கோர் எடுக்கவே கூடாது" என்றார் டாக்டர். அறிகுறி உள்ளவருக்கு இந்த ஸ்கேன் பூஜ்யம் காட்டினால், மென்மையான படிவு குழாயை நெருக்கிக்கொண்டிருப்பது தெரியாமலே வீட்டுக்கு வந்துவிடுவோம். அன்றே இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்தார்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாய மருந்து செலுத்தி சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். வலது குழாயில் ஓரிடத்தில் நன்றாகவே நெருக்கியிருந்தது. அவருக்கு அடுத்த கட்டமாக ஆஞ்சியோ தேவைப்பட்டது, ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மறுபடியும் கோயிலுக்குப் போகிறார்.

நால்வரில் இந்த ஸ்கேனால் பயன் கிடைத்தது எனக்கு ஒருவனுக்குத்தான். 40ஐத் தாண்டி, அறிகுறி எதுவும் இல்லாமல், சர்க்கரையோ மிக அதிக எல்.டி.எல்.லோ இல்லாமல், மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்று டாக்டரும் நோயாளியும் தயங்கி நிற்கும் இடத்தில் இருந்தவன் நான்தான். எனக்குப் பூஜ்யம் வந்திருந்தால்கூட, அப்பாவின் வரலாற்றால் டாக்டர் மாத்திரையை முழுதாக ஒதுக்கியிருக்க மாட்டார். அப்படி வரலாறு இல்லாதவருக்குப் பூஜ்யம் வந்தால், மாத்திரையைத் தள்ளிப்போட்டு ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

நியூஜெர்சி திரும்பி எட்டு வாரத்தில் ரத்தம் கொடுத்தேன். எல்.டி.எல். 66.

போன டிசம்பரில் அந்த ஸ்கேன் சென்டரிலிருந்து வாட்ஸ்ஆப் வந்தது: வருடாந்திர மறுபரிசோதனைக்கு 20 சதவீதத் தள்ளுபடி. நான் போகப் போவதில்லை. ஸ்டாட்டின் மாத்திரை மென்மையான படிவை இறுக்கிச் சுண்ணாம்பாக்குகிறது, படிவு வெடிக்காமல் இருக்க அது நல்லது. ஆனால் அகாட்ஸ்டன் கணக்கில் வெண்மை கூடினால் பெருக்கு எண்ணும் கூடும். மறுபடி எடுத்தால் 148 என்பது 180 ஆகியிருக்கலாம், அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று நான் நிறுத்தினாலும் நிறுத்திவிடுவேன். என் மருந்து வேலை செய்கிறதா என்பதை எல்.டி.எல். சொல்லும். அந்த டெக்னீஷியன் ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுத்த குறுந்தகடு மட்டும் பத்திரமாக மேசை டிராயரில் இருக்கிறது.